மாறுதல் விண்ணப்பம்: குறிப்பில் ஏறும் வரிகள்

கேள்வி: "ராமநாதபுரம் மாவட்டத்தில் அரசு உயர்நிலைப் பள்ளியில் கணிதப் பட்டதாரி ஆசிரியையாக இருக்கிறேன். கலந்தாய்வு முடிந்த பிறகு அப்பாவுக்குச் சிறுநீரகம் செயலிழந்து, மதுரையில் டயாலிசிஸ் நடக்கிறது. மதுரைக்கு மாறுதல் கேட்டு எழுதிய கடிதத்தைப் படித்தால் எனக்கே கூச்சமாக இருக்கிறது. 'ஐயா அவர்களின் பொற்பாதம் பணிந்து, கண்ணீருடன் எழுதிக்கொள்வது. என் குடும்பமே தங்களை நம்பித்தான் இருக்கிறது. தாங்கள் மனது வைத்தால் எதுவும் நடக்கும். கருணைக் கண் கொண்டு பார்த்து மதுரைப் பக்கம் ஏதாவது ஒரு பள்ளியில் இடம் தந்தால் ஏழேழு ஜென்மத்துக்கும் மறக்க மாட்டேன்.' மரியாதை குறையாமல், கெஞ்சாமல் இதை எப்படி மாற்றுவது?"

உங்கள் கடிதத்தை முதலில் படிப்பவர் இயக்குநர் அல்ல. தலைமையாசிரியர் கையொப்பமிட்ட பிறகு அது மாவட்டக் கல்வி அலுவலகத்துக்கும் முதன்மைக் கல்வி அலுவலகத்துக்கும் போகும். அங்கெல்லாம் ஒரு பிரிவு உதவியாளர் அதைப் படித்து, கோப்பில் ஒரு குறிப்பு எழுதுவார். "இவர் இன்ன பள்ளியில் இன்ன பதவியில் இன்ன நாள் முதல் பணிபுரிகிறார், இன்ன காரணத்தால் இன்ன இடம் கோருகிறார், ஆதாரம் இணைக்கப்பட்டுள்ளது" என்பதுதான் அந்தக் குறிப்பு. முடிவெடுக்கும் அதிகாரி பெரும்பாலும் படிப்பது அதைத்தான், உங்கள் கடிதத்தை அல்ல. ஆகவே ஒவ்வொரு வரியையும் எழுதிவிட்டு, "இதை அந்த உதவியாளர் தன் குறிப்பில் அப்படியே எடுத்து எழுத முடியுமா?" என்று கேட்டுப் பாருங்கள். "பொற்பாதம் பணிந்து" என்பதை அவரால் எழுத முடியாது. "ஏழேழு ஜென்மம்" அங்கே ஏறாது. நீங்கள் ஒட்டியிருக்கும் வரிகளில் குறிப்பில் ஏறக்கூடியது "மதுரைப் பக்கம்" என்ற ஒன்றுதான், அதுவும் எந்தப் பள்ளி என்று தெரியாததால் பயன்படாது. கெஞ்சலை எடுக்கச் சொல்வது உங்கள் கௌரவத்துக்காக மட்டுமல்ல. காரணம் உட்கார வேண்டிய இடத்தை அது அடைத்துக்கொண்டிருக்கிறது.

கெஞ்சுவதை விட்டதும் சிலர் நேர் எதிர்ப்பக்கம் போய், "எனக்கு மாறுதல் பெற உரிமை உண்டு" என்று எழுதுகிறார்கள். அதுவும் நிற்காது. அரசுப் பணியில் மாறுதல் என்பது பணியின் ஒரு பகுதி. யாரை எங்கே பணியமர்த்துவது என்பதை உரிய அதிகாரிதான் முடிவு செய்வார் என்று 1993இல் எஸ்.எல். அப்பாஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆனால் ஊழியர் தன் மாறுதல் குறித்து முறையீடு கொடுத்தால், நிர்வாகத் தேவைகளை மனத்தில் கொண்டு அதிகாரி அதைப் பரிசீலிக்க வேண்டும் என்பதையும் அதே தீர்ப்பு சொல்கிறது. எனவே "பரிசீலிக்கக் கேட்டுக்கொள்கிறேன்" என்பதை வெறும் உபசார வார்த்தையாக நினைக்க வேண்டாம். உங்களுக்கு உரியதாகக் கேட்கக்கூடியது எதுவோ அதைச் சரியாகச் சொல்லும் சொல் அது. அதற்குக் கீழே இறங்கவும் தேவையில்லை, மேலே ஏறவும் தேவையில்லை.

இனிக் காரணம். உங்கள் முழுக் கடிதத்தையும் நான் பார்க்கவில்லை என்றாலும், இப்படிப்பட்ட கடிதங்களில் பொதுவாக நான்கைந்து காரணங்கள் வரிசையாக நிற்கும்: அப்பா உடல்நிலை, குழந்தை படிப்பு, கணவர் வேலை, பேருந்து வசதி இல்லை, ஊர்த் தண்ணீர் ஒத்துக்கொள்ளவில்லை. ஐந்து சொன்னால் ஐந்து மடங்கு வலு என்று தோன்றும். நடப்பது வேறு. குறிப்பு எழுதுபவர் எளிதில் தள்ளிவிடக்கூடிய காரணத்தைப் பிடித்து, "பலரும் கூறும் பொதுவான காரணங்கள்" என்று மொத்தத்தையும் ஒரே வரியில் முடித்துவிடலாம். உங்களிடம் இருப்பது வலுவான ஒற்றைக் காரணம். ஆவணத்தால் காட்ட முடியும், கலந்தாய்வுக்குப் பிறகு ஏற்பட்டது, கிழமையும் நேரமும் குறித்துச் சொல்ல முடியும். அதை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

அதைச் சொல்லும்போது, அதிகாரி மனத்தில் எழும் கேள்விகளுக்கு முன்கூட்டியே விடை இருக்க வேண்டும். முதல் கேள்வி, "கலந்தாய்வில் ஏன் விண்ணப்பிக்கவில்லை?" 17.12.2021 நாளிட்ட அரசாணை எண் 176 ஆசிரியர் மாறுதலுக்கு நெறிமுறை வகுத்த பிறகு, வழக்கமான வழி எமிஸ் தளத்தில் விண்ணப்பித்துக் கலந்தாய்வில் இடம் தேர்ந்தெடுப்பதுதான். அதற்கு வெளியே கேட்பவர், ஏன் வெளியே கேட்கிறேன் என்று சொல்லியாக வேண்டும். நோய் கண்டறியப்பட்ட நாளைச் சிகிச்சை ஆவணத்தில் உள்ளபடி எழுதினாலே இதற்கு விடை கிடைத்துவிடும். இரண்டாவது, "வீட்டில் வேறு யாரும் இல்லையா?" உடன்பிறந்தவர் யாரும் இல்லை அல்லது வெளிநாட்டில் இருக்கிறார் என்றால் ஒரே வரி போதும். இருக்கிறார் என்றால் மறைக்காதீர்கள், அவரால் ஏன் இயலவில்லை என்று எழுதுங்கள். பின்னால் தெரிய வந்தால் கடிதத்தின் மற்ற வரிகளும் நம்பிக்கை இழக்கும்.

மூன்றாவது கேள்வி, "விடுப்பு எடுத்துச் சமாளிக்க முடியாதா?" இங்கே கணக்கு சொல்லும் அளவுக்குக் கண்ணீர் சொல்லாது. வாரம் இரண்டு முறை டயாலிசிஸ் என்றால், பள்ளி நடக்கும் நாற்பது வாரங்களில் ஏறத்தாழ எண்பது நாள். தற்செயல் விடுப்பு ஆண்டுக்கு 12 நாள். இதை இரண்டு வரியில் எழுதினால் யாரும் மறுக்க முடியாது. ஆனால் ஓர் எச்சரிக்கை. "அடிக்கடி விடுப்பு எடுப்பதால் மாணவர்கள் பாதிக்கப்படுகிறார்கள்" என்று எழுதிவிடாதீர்கள். மாறுதலுக்கு வலுச் சேர்ப்பதாக நினைத்து எழுதும் அந்த வரி, உங்கள் பணியைப் பற்றி நீங்களே கொடுத்த வாக்குமூலமாகக் கோப்பில் தங்கிவிடும். அதே போல, இப்போதைய தலைமையாசிரியரைப் பற்றியோ பள்ளியைப் பற்றியோ குறையாக ஒரு சொல்லும் வேண்டாம். கடிதத்தைப் பரிந்துரைத்து அனுப்ப வேண்டியவரே அவர்தான்.

நான்காவது கேள்வியைப் பலரும் நினைத்துப் பார்ப்பதில்லை: "இவர் போய்விட்டால் இந்தப் பள்ளியில் கணக்கு யார் நடத்துவது?" நீங்கள் பத்தாம் வகுப்புக்குக் கணிதம் எடுப்பவர் என்றால், அலுவலகம் தயங்குவதற்கு இதுவே முதல் காரணமாக இருக்கும். அரையாண்டுத் தேர்வுக்குப் பிறகோ, பொதுத் தேர்வுக்குப் பிறகோ பணிவிடுவிப்பு பெறத் தயார் என்று உங்களால் சொல்ல முடிந்தால் சொல்லிவிடுங்கள். உங்கள் கடிதத்திலேயே வலுவான வரி அதுவாகத்தான் இருக்கும். அப்பாவின் நிலை அதுவரை தாங்காது என்றால் அந்த வரியைப் பொய்யாக எழுத வேண்டாம். அதற்குப் பதிலாக, மாறுதல் ஆகும்வரை மதுரையில் மாற்றுப்பணி கேட்பது ஒரு வழி.

இடம் கேட்பதில் "மதுரைப் பக்கம் ஏதாவது ஒரு பள்ளி" என்பது பணிவாகத் தோன்றினாலும், காலியிடம் தேடும் வேலையை அலுவலகத்தின் தலையில் கட்டுகிறது. இரண்டு அல்லது மூன்று பள்ளிகளை விருப்ப வரிசையில் எழுதுங்கள். எழுதும் முன் அங்கே கணிதப் பட்டதாரி ஆசிரியர் பணியிடம் உண்மையிலேயே காலியா என்று அந்தப் பள்ளியிலேயே கேட்டுவிடுங்கள். பலர் ஏமாறும் இடம் இது: கல்வியாண்டின் நடுவில் ஓய்வு பெறும் ஆசிரியருக்குப் பெரும்பாலும் ஆண்டு முடியும்வரை மறுநியமனம் கொடுத்துவிடுவார்கள். "அங்கே சார் போன மாதமே ரிட்டயர்ட் ஆகிவிட்டார்" என்று கேள்விப்பட்டு எழுதினால், ஆள் இருக்கும் இடத்தைக் கேட்டதாகிவிடும். பதவி உயர்விலோ வேறு மாறுதலிலோ ஒருவர் போன இடம் என்றால் காலியாக இருக்க வாய்ப்பு அதிகம். பணியிடம் இருந்தும், மாணவர் எண்ணிக்கை குறைந்து அதுவே உபரியாகக் கருதப்படும் நிலையில் இருந்தால் தர மாட்டார்கள். பள்ளி யாருடைய நிர்வாகத்தில் இருக்கிறது என்பதையும் பாருங்கள். மதுரை மாவட்டத்தில் கள்ளர் சீரமைப்புத் துறைப் பள்ளிகள் இருக்கின்றன, ஆதிதிராவிடர் நலத் துறைப் பள்ளிகளும் இருக்கின்றன. வெளியிலிருந்து பார்த்தால் எல்லாம் அரசுப் பள்ளிதான். ஆனால் பள்ளிக் கல்வித் துறையிலிருந்து அங்கே போவது அலகு விட்டு அலகு மாறுதல், அதன் நடைமுறையே வேறு. மதுரையில் உங்கள் பதவியிலும் பாடத்திலும் இருக்கும் ஒருவர் ராமநாதபுரம் வர விரும்பினால், மனமொத்த மாறுதல் கேட்கலாம். காலியிடம் என்ற கேள்வியே அப்போது எழாது.

மேலே சொன்னவற்றை வைத்து உங்கள் கடிதத்தைத் திருப்பி எழுதினால் கீழே உள்ளது போல வரும். நாள், தூரம், எண்ணிக்கை எல்லாம் மாதிரிக்காக வைத்தவை. உங்கள் ஆவணங்களில் உள்ளபடி மாற்றிக்கொள்ளுங்கள்.

அனுப்புநர்: பெயர், கணிதப் பட்டதாரி ஆசிரியர், எமிஸ் எண், பள்ளி, ராமநாதபுரம் மாவட்டம்.

பெறுநர்: பள்ளிக் கல்வி இயக்குநர் அவர்கள், பேராசிரியர் அன்பழகன் கல்வி வளாகம், கல்லூரிச் சாலை, சென்னை-6. (உரிய வழியாக: தலைமையாசிரியர், மாவட்டக் கல்வி அலுவலர் (இடைநிலை), முதன்மைக் கல்வி அலுவலர், ராமநாதபுரம்.)

பொருள்: தந்தையின் தொடர் சிறுநீரகச் சிகிச்சை காரணமாக மதுரை மாவட்டத்திற்குப் பணிமாறுதல் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

"நான் மேற்கண்ட பள்ளியில் 06.07.2022 முதல் கணிதப் பட்டதாரி ஆசிரியராகப் பணிபுரிந்து வருகிறேன். என் மீது ஒழுங்கு நடவடிக்கை எதுவும் நிலுவையில் இல்லை.

மதுரையில் வசிக்கும் என் தந்தைக்கு (வயது 71) இரு சிறுநீரகங்களும் செயலிழந்தது கடந்த ஆகஸ்ட் மாதம், இவ்வாண்டுப் பொது மாறுதல் கலந்தாய்வு முடிந்த பின் கண்டறியப்பட்டது. அதனால் கலந்தாய்வில் இக்காரணத்தைக் குறிப்பிட்டு விண்ணப்பிக்க இயலவில்லை. அவருக்கு ஒவ்வொரு செவ்வாயும் வெள்ளியும் மாலையில் மதுரை அரசு மருத்துவமனையில் நான்கு மணி நேரம் டயாலிசிஸ் செய்யப்படுகிறது. சிகிச்சையின்போதும் வீடு திரும்பும்போதும் உடன் ஒருவர் இருக்க வேண்டும் என மருத்துவர் அறிவுறுத்தியுள்ளார். என் தாய்க்கு வயது 66. எனக்கு உடன்பிறந்தோர் இல்லை.

தற்போதைய பள்ளி என் தந்தையின் இல்லத்திலிருந்து 118 கி.மீ. தொலைவில் உள்ளது. இச்சிகிச்சைக்காக ஆண்டுக்கு ஏறத்தாழ 80 பள்ளி வேலை நாட்கள் தேவைப்படும் நிலையில், விடுப்பின் மூலம் இதைத் தொடர்ந்து மேற்கொள்ள இயலாது. மதுரைக்கு அருகில் பணிபுரிந்தால், முழுநேரமும் பள்ளிப் பணியாற்றிவிட்டு, பள்ளி முடிந்தபின் சிகிச்சையின்போது தந்தையுடன் இருக்க இயலும்.

எனவே, கணிதப் பட்டதாரி ஆசிரியர் பணியிடம் காலியாக உள்ள கீழ்க்கண்ட பள்ளிகளுள் ஒன்றுக்கு, விருப்ப வரிசையில், எனக்கு மாறுதல் வழங்குவதைப் பரிசீலிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்: (1) …, (2) …, (3) …. பத்தாம் வகுப்பு மாணவர்களின் நலன் கருதி, அரையாண்டுத் தேர்வுக்குப் பின் பணிவிடுவிப்பு பெற ஒப்புக்கொள்கிறேன். இது என் சொந்தக் கோரிக்கை என்பதால் மாறுதல் பயணப்படி கோர மாட்டேன்.

இணைப்பு: மருத்துவச் சான்று, டயாலிசிஸ் பதிவேட்டின் நகல், உறவுமுறையைக் காட்டும் ஆவணம்."

தங்கள் உண்மையுள்ள, கையொப்பம், இடம், நாள். ஒரு பக்கத்துக்குள் முடிந்துவிடும், முடிய வேண்டும்.

இதில் மரியாதை எங்கே இருக்கிறது என்று தேடினால், "மதிப்பிற்குரிய", "கேட்டுக்கொள்கிறேன்" ஆகிய சொற்களில் கொஞ்சம்தான் இருக்கிறது. மீதி, படிப்பவரின் நேரத்தை வீணாக்காததிலும், அவருக்கு வரக்கூடிய சிக்கலை நீங்களே யோசித்து அரையாண்டுத் தேர்வைச் சொன்னதிலும் இருக்கிறது. இன்னும் கொஞ்சம் பணிவு சேர்க்காவிட்டால் மனம் ஒப்பவில்லை என்றால் "பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்" என்று ஒரே இடத்தில் போடுங்கள், அதில் தவறில்லை. இரண்டாம் முறை வந்தால் எடுத்துவிடுங்கள். "இரு சிறுநீரகங்களும் செயலிழந்தது" என்பதற்கு முன்னால் "மிகவும் கொடுமையான" போன்ற அடைமொழி எதையும் சேர்க்காதீர்கள். அந்தச் செய்தி தன்னளவிலேயே கனமானது.

இணைப்புகளில் மூன்று இடங்களில் சறுக்குகிறார்கள். மருத்துவச் சான்று பழையதாக இருப்பது ஒன்று. சிகிச்சை இப்போதும் தொடர்கிறது என்று அண்மை நாளிட்ட சான்று வேண்டும், அதில் வாரத்துக்கு எத்தனை முறை என்பதும் எழுதப்பட்டிருக்க வேண்டும். சான்றில் அப்பாவின் பெயர் மட்டும் இருந்து, அவர் உங்கள் அப்பா என்று காட்ட எதுவும் இணைக்காமல் விடுவது இன்னொன்று. திருமணமான ஆசிரியைகளின் குடும்ப அட்டையில் தந்தை பெயர் இருக்காது. பள்ளிச் சான்றிதழ் போன்று தந்தை பெயர் உள்ள ஆவணத்தின் நகலை வையுங்கள். மூன்றாவது, சான்றிலும் கடிதத்திலும் நாளோ பெயரின் எழுத்தோ வேறுபடுவது. சின்ன விஷயம்தான், ஆனால் அந்தக் காரணத்துக்காகவே தாள் திரும்பி வரும்.

அனுப்பும் முறையிலும் கவனம் தேவை. இயக்குநருக்கு நேரடியாக அனுப்பினால் "உரிய வழியாக அனுப்புக" என்று திரும்பி வரவே வாய்ப்பு அதிகம். முதலமைச்சர் தனிப்பிரிவுக்கு மனுக் கொடுத்தாலும், அது கடைசியில் அறிக்கை கேட்டு இதே அலுவலகத்துக்குத்தான் வந்து சேரும். சட்டமன்ற உறுப்பினரின் பரிந்துரைக் கடிதத்தை இணைக்கச் சொல்லி யாராவது யோசனை சொல்வார்கள். வேண்டாம். பணி தொடர்பான விஷயத்தில் வெளிச் செல்வாக்கைக் கொண்டுவருவதைத் தமிழ்நாடு அரசு ஊழியர் நடத்தை விதிகள், 1973 தடுக்கின்றன. உண்மையான காரணம் உள்ளவர் தன் கையாலேயே தனக்கு எதிரான ஆவணத்தைக் கோப்பில் வைக்கக் கூடாது.

தலைமையாசிரியரிடம் இரண்டு படிகள் கொடுத்து, ஒன்றில் நாளிட்ட கையொப்பமும் பள்ளி முத்திரையும் வாங்கிக்கொள்ளுங்கள். அவர் மேலே அனுப்பும் முகப்புக் கடிதத்தில் வெறுமனே "அனுப்பப்படுகிறது" என்று இருப்பதற்கும் "பரிந்துரைத்து அனுப்பப்படுகிறது" என்று இருப்பதற்கும் வேறுபாடு உண்டு. கணித வகுப்புகளுக்கு மாற்று ஏற்பாடு செய்ய இயலும் என்று அவர் ஒரு வரி சேர்த்தால் மேலே வரும் நான்காவது கேள்வி அங்கேயே தீர்ந்துவிடும். அதை அவரிடம் வாய்விட்டுக் கேட்கலாம்.

எப்படி எழுதினாலும், கடிதம் காலியிடத்தை உண்டாக்காது. கலந்தாய்வுக்கு வெளியே மாறுதல் தருவதும் தராததும் நிர்வாகத்தின் முடிவு. நல்ல கடிதம் செய்யக்கூடியது, காரணம் சரியாகப் புரிந்துகொள்ளப்படுவதை உறுதி செய்வதுதான். ஆகவே அடுத்த கலந்தாய்வு அறிவிப்பு வந்ததும், இந்த விண்ணப்பம் நிலுவையில் இருந்தாலும், எமிஸ் தளத்தில் தனியாக விண்ணப்பித்துவிடுங்கள். அந்த ஆண்டுக்கான முன்னுரிமைப் பட்டியலில் பெற்றோரின் நோய் இடம்பெற்றுள்ளதா என்பதை அந்த அறிவிப்பிலேயே படித்துப் பாருங்கள். கடந்த ஆண்டுப் பட்டியலை நம்பி இருக்க வேண்டாம்.

கடிதம் முதன்மைக் கல்வி அலுவலகத்துக்குப் போய்ச் சேர்ந்ததும் அதற்கு ஒரு ந.க. எண் விழும். அதைக் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஒரு மாதம் பதில் இல்லை என்றால் நினைவூட்டுக் கடிதம் அனுப்பலாம். அதில் கதையைத் திரும்பச் சொல்லத் தேவையில்லை. "பார்வையில் காணும் என் விண்ணப்பத்தின் மீது எடுக்கப்பட்ட நடவடிக்கையைத் தெரிவிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். என் தந்தையின் சிகிச்சை தொடர்கிறது, அண்மைச் சான்று இணைக்கப்பட்டுள்ளது" என்ற இரண்டு வரியும், பார்வையில் ந.க. எண்ணும் நாளும் போதும். அதற்கும் பதில் இல்லை என்றால், 10 ரூபாய்க் கட்டணத்துடன் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் பொதுத் தகவல் அலுவலரிடம் உங்கள் விண்ணப்பத்தின் நிலையையும் குறிப்புக் கோப்பின் நகலையும் கேட்கலாம். 30 நாளுக்குள் அவர் பதில் தர வேண்டும். அந்த நகல் கையில் வந்தால், உங்கள் கடிதத்தின் எந்த வரி குறிப்பில் ஏறியது, எது விடுபட்டது என்பதை நேராகவே பார்த்துவிடலாம். அடுத்த விண்ணப்பத்தை அதை வைத்துக்கொண்டு எழுதுங்கள்.